அலுவலக இணைப்பின் முகவரியை வங்கிக்குக் கொடுக்காதீர்கள்

வெள்ளவத்தையில் காலி வீதியோரக் கட்டடங்களின் மேல்மாடிகளில் இயங்கும் சிறு மென்பொருள் நிறுவனங்களிலும், கொட்டாஞ்சேனையில் துறைமுகத்தை நம்பித் தொழில் செய்யும் அலுவலகங்களிலும் ஒரு கருத்து கேள்வியின்றி நிலைத்திருக்கிறது. வங்கியோ தொலைபேசி நிறுவனமோ "உங்கள் ஐபியைத் தாருங்கள், வைட்லிஸ்ட் செய்கிறோம்" என்று கேட்டால், இணைய இணைப்புத் தருபவரிடம் மாதக் கட்டணம் கட்டி ஒரு ஸ்டெட்டிக் ஐபி வாங்கி, அந்த எண்ணைப் படிவத்தில் எழுதிக் கொடுத்தால் காரியம் முடிந்தது என்பார்கள். இணைப்பும் கிடைத்தது, பாதுகாப்பும் கிடைத்தது என்று இரு தரப்பும் திருப்தியோடு கோப்பை மூடிவிடும். இந்தத் திருப்திக்கு ஆதாரம் இல்லை என்பதே என் வாதம். ஒரு முகவரியை அனுமதிப் பட்டியலில் போடுவதால் வரும் பாதுகாப்பு, அந்த முகவரி வழியாக வெளியே போகக்கூடியவர்கள் எத்தனை பேர் என்பதைப் பொறுத்தது. அலுவலகத்தின் பொது இணைப்புக்கு வாங்கிய ஸ்டெட்டிக் ஐபி அந்தக் கணக்கில் மிக மோசமான தேர்வுகளில் ஒன்று.

முதலில் வங்கியின் கண்ணுக்கு என்ன தெரிகிறது என்று பார்ப்போம். அலுவலகத்துக்குள் ஒவ்வொரு கணினிக்கும் 192.168 என்று தொடங்கும் உள்முகவரி ஒன்று இருக்கும். அது இணையத்தில் செல்லாது. வெளியே போகும் ஒவ்வொரு பொதியிலும் அனுப்புநர் முகவரியை ரவுட்டர் அழித்துத் தன் பொது முகவரியை எழுதுகிறது. பதில் திரும்பி வரும்போது எந்த உள்கணினிக்குக் கொடுப்பது என்பதை ஒரு அட்டவணையில் குறித்து வைத்துக்கொள்கிறது. நாட் என்று சொல்லப்படும் முகவரி மாற்றம் இவ்வளவுதான். ஆகவே சம்பளக் கொடுப்பனவை அனுப்பும் சேர்வர், கணக்காளரின் மடிக்கணினி, வரவேற்பறையில் விருந்தினருக்குக் கொடுக்கும் வைஃபை, பல ஆண்டுகளாக மென்பொருள் புதுப்பிக்கப்படாத சிசிடிவி பதிவுப் பெட்டி, எல்லாமே வங்கிக்கு ஒரே முகவரியாகத்தான் தெரியும். வங்கி அனுமதித்தது சம்பள சேர்வரை என்று படிவம் சொல்லும். உண்மையில் அது அனுமதித்திருப்பது அந்த மாடியில் வைஃபை கடவுச்சொல் தெரிந்த எல்லோரையும்.

ஸ்டெட்டிக் ஐபி வாங்காதவர்களின் நிலை இன்னும் மோசம். உலகின் ஐபிவி4 முகவரிகளின் மையக் கையிருப்பு 2011 பெப்ரவரியில் தீர்ந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் ஆசிய பசிபிக் பதிவகமான ஏப்னிக் தன் கடைசித் தொகுதியைப் பங்கிட்டுக் கொடுக்கத் தொடங்கியது. அதன் பிறகு பல சேவை வழங்குநர்கள் வாடிக்கையாளருக்குத் தனிப் பொது முகவரி கொடுப்பதைக் கைவிட்டு, பலரைத் தங்கள் சொந்த நாட் பெட்டியின் பின்னால் சேர்த்து வைக்கிறார்கள். 2012 இல் இதற்கென்றே 100.64.0.0/10 என்ற தொகுதி ஒதுக்கப்பட்டது. உங்கள் ரவுட்டரின் நிலைப் பக்கத்தில் வெளிமுகவரி 100.64 முதல் 100.127 வரையில் எதிலாவது தொடங்கினால், நீங்கள் அந்தக் கூட்டத்தில் ஒருவர். இணையத்தில் "என் ஐபி எது" என்று தேடினால் கிடைக்கும் எண் உங்களுடையது அல்ல. அதை ஒரு கூட்டாளியிடம் கொடுப்பது, முன்பின் தெரியாத ஆயிரம் பேருக்கு உங்கள் பெயரில் அனுமதி வாங்கிக் கொடுப்பதாகும்.

"அப்படியானால் அனுமதிப் பட்டியலே பயனற்றது, தூக்கி எறியுங்கள்" என்று இன்னொரு கோஷ்டி சொல்கிறது. அவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. அனுப்புநர் முகவரியை யாரும் போலியாக எழுதிவிடலாம் என்பது அவர்கள் வழமையாகக் காட்டும் காரணம். ஏபிஐ அழைப்புகள் டிசிபி வழியாகப் போகின்றன. அந்த இணைப்பு திறக்கவே இரு பக்கமும் பதில் பரிமாற வேண்டும். போலி முகவரி எழுதியவருக்கு வங்கியின் பதில் போய்ச் சேராது, அவரால் ஒரு வரிகூட அனுப்ப முடியாது. இணையத்தின் வழித்தடங்களையே கடத்தக்கூடியவருக்குத்தான் அது இயலும், அவர் வெள்ளவத்தைச் சம்பளப் பட்டியலுக்காக அந்தப் பாடுபடப் போவதில்லை. பட்டியல் ஒரு காரியத்தை நன்றாகவே செய்கிறது. உங்கள் ஏபிஐ சாவி எப்படியோ களவு போனாலும், கள்ளன் தன் வீட்டிலிருந்து அதைப் பயன்படுத்த முடியாது. சாவியோடு உங்கள் முகவரிக்குப் பின்னாலும் அவன் வந்து நிற்க வேண்டும். அந்த இரண்டாவது தடை எவ்வளவு கடினம் என்பதில்தான் முழுப் பயனும் இருக்கிறது. முகவரிக்குப் பின்னால் ஒரேயொரு சேர்வர் இருந்தால் தடை பெரிது. விருந்தினர் வைஃபை இருந்தால், கள்ளன் கீழ்த்தளத்துக் கடையில் உட்கார்ந்து வேலையை முடித்துவிடலாம்.

பாதுகாப்பை விட்டுவிட்டு வெறும் இயக்கத்தைப் பார்த்தாலும் அலுவலக முகவரி தோற்கிறது. ஒரு மாதிரி நிலைமையை முழுமையாக எடுத்துக்கொள்வோம். வெள்ளவத்தை நிறுவனம் ஒன்று கொட்டாஞ்சேனை வியாபாரிகள் சிலருக்காக ஊழியர் சம்பளத்தையும் வழங்குநர் கொடுப்பனவுகளையும் வங்கியின் ஏபிஐக்கு மாலையில் அனுப்புகிறது. அலுவலகத்தின் ஸ்டெட்டிக் ஐபி 203.0.113.25 என்று வைப்போம். ஒரு வெள்ளிக்கிழமை வீதியில் தோண்டும்போது ஃபைபர் அறுகிறது. ரவுட்டர் தன் கடமையைச் சரியாகவே செய்து, சில விநாடிகளில் 4ஜி சிம்முக்கு மாறிவிடுகிறது. மின்னஞ்சல் வருகிறது, இணையத் தளங்கள் திறக்கின்றன, எல்லோரும் இணைப்பு நன்றாக இருக்கிறது என்று நம்புகிறார்கள். ஆனால் பொதிகள் இப்போது மொபைல் நிறுவனத்தின் பொது நாட் முகவரியைச் சுமந்து போகின்றன. வங்கியின் ஃபயர்வோல் அவற்றை ஓசையின்றிக் கீழே போடுகிறது. சம்பளம் போகவில்லை. இணைப்புக்கு மாற்று வைத்தவர்கள் முகவரிக்கு மாற்று வைக்கவில்லை.

இதைக் கண்டுபிடிப்பதற்கே பலர் பாதி இரவைச் செலவிடுகிறார்கள், ஏனென்றால் கோளாறு எந்தச் செய்தியையும் தருவதில்லை. டயலொக்கின் ஐடியாமார்ட் தளத்தில் செயலி எழுதியவர்களுக்கு E1303 என்ற பிழை எண் பழக்கமாயிருக்கும். பதிவு செய்யாத ஐபி முகவரியிலிருந்து கோரிக்கை வந்திருக்கிறது என்று அது நேராகவே சொல்லிவிடும். செயலி அடுக்கில் முகவரியைச் சரிபார்ப்பவர்களால் அப்படிச் சொல்ல முடிகிறது. ஃபயர்வோலில் சரிபார்ப்பவர்கள் அதற்கு முன்பே பொதியை விழுங்கிவிடுகிறார்கள். அப்போது கோரிக்கை அனுப்பிய லினக்ஸ் சேர்வர் முதற்பொதியை இடைவெளியைக் கூட்டிக்கொண்டே திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்த்து, இயல்பான அமைப்பில் இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல் ஆனதும் கைவிடும். பதிவேட்டில் "timed out" என்று மட்டும் இருக்கும். வங்கியின் சேர்வர் விழுந்துவிட்டது என்று தொலைபேசியில் சண்டை பிடிக்கத் தொடங்குவது அந்த இடத்தில்தான். அதற்கு முன் இரண்டு கட்டளைகள் போதும்:

```
curl -4 https://checkip.amazonaws.com
curl -4 -v --max-time 15 https://api.example.com/
```

கொடுப்பனவை அனுப்பும் அதே சேர்வரில் இவற்றை ஓட்ட வேண்டும். மடிக்கணினியில் ஓட்டினால் அது வேறு வழியாக வெளியே போய்ப் பொய்யான ஆறுதலைத் தரக்கூடும். முதலாவது தரும் எண் படிவத்தில் எழுதிய எண்ணோடு ஒத்துப்போகாவிட்டால் விடயம் முடிந்தது. ஒத்துப்போனால் இரண்டாவதைப் பாருங்கள். "Trying" என்ற வரியோடு நின்றுவிட்டால் பெரும்பாலும் உங்கள் முகவரி பட்டியலில் இல்லை. இணைப்புத் திறந்து 401 அல்லது 403 வந்தால் பொதி ஃபயர்வோலைத் தாண்டிவிட்டது, கோளாறு சாவியிலோ செயலி அடுக்கின் அனுமதியிலோ இருக்கிறது. -4 என்ற குறியைக் காரணத்தோடுதான் சேர்த்திருக்கிறேன். கூட்டாளி ஒரு நாள் தன் பெயருக்கு ஐபிவி6 முகவரியும் சேர்த்துவிட்டால், ஐபிவி6 இணைப்புள்ள உங்கள் சேர்வர் அதையே விரும்பித் தேர்ந்து, நீங்கள் பார்த்துப் பார்த்து அமைத்த நாட் அமைப்பைத் தொடாமலே வெளியேறிவிடும். -4 இல் வேலை செய்து, அதற்குப் பதிலாக -6 கொடுக்கும்போது நின்றால் அதுதான் கதை.

மாதிரி நிலைமைக்குத் திரும்புவோம், ஏனென்றால் உண்மையான சேதம் அதற்குப் பிறகு நடக்கிறது. சம்பளம் நிற்கிறது என்ற அவசரத்தில் நிறுவனம் 4ஜி முகவரியையும் பட்டியலில் சேர்க்கச் சொல்கிறது. அது அடுத்த நாள் மாறுகிறது. மூன்றாவது முறை கேட்கும்போது வங்கித் தரப்பில் சலிப்படைந்த ஒருவர் 256 முகவரிகள் கொண்ட முழுத் தொகுதியையும் திறந்துவிடுகிறார். கொடுப்பனவு அன்று போய்விட்டதால் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். மறு வருடம் நிறுவனம் பம்பலப்பிட்டிக்கு இடம் மாறி, வேறு இணைப்பு எடுக்கிறது. பழைய ஸ்டெட்டிக் ஐபி சேவை வழங்குநரிடம் திரும்பிப் போய், இன்னொரு வாடிக்கையாளருக்கு ஒதுக்கப்படுகிறது. வங்கியின் பட்டியலில் மட்டும் அது இன்னும் பழைய நிறுவனத்தின் பெயரில் நிற்கிறது. கேட்டுச் சேர்க்க ஒரு படிவம் இருக்கிறது, நீக்கச் சொல்லி யாரும் படிவம் நிரப்புவதில்லை.

இது வெறும் அச்சம் அல்ல. அமெரிக்க ஆய்வாளர்கள் சிலர் 2021 இல் அமேசான் கிளவுட்டின் வர்ஜீனியாப் பிராந்தியத்தில் சேர்வர்களை வாடகைக்கு எடுத்து விட்டு, எடுத்து விட்டு, சுமார் 15 இலட்சம் வெவ்வேறு முகவரிகளைக் கையிலெடுத்துப் பார்த்தார்கள். 2022 இல் வெளியான அவர்களின் ஆய்வின்படி, முந்தைய குடியிருப்பாளரை நம்பி அனுப்பப்படும் போக்குவரத்து அந்த முகவரிகளுக்குத் தொடர்ந்து வந்துகொண்டிருந்தது, அதில் பணப் பரிமாற்றம் தொடர்பானவையும் இருந்தன. அவர்கள் அளந்தது உள்ளே வரும் போக்குவரத்தை. அனுமதிப் பட்டியலின் நிலை அதன் மறுபக்கம். விட்டுப்போன முகவரியை எடுத்தவருக்கு, அதை நம்பும் கதவுகள் இன்னும் திறந்தே இருக்கும்.

கிளவுட்டுக்குப் போனால் மட்டும் இந்த நோய் தீராது என்பதற்கும் அதே ஆய்வு சாட்சி. கிளவுட் சேர்வருக்குத் தானாகக் கிடைக்கும் பொது முகவரி, சேர்வரை நிறுத்தித் தொடங்கியதும் மாறிவிடும். அதைத் தவிர்க்க நினைத்துச் சிலர் கிளவுட் நிறுவனத்தின் மும்பைப் பிராந்திய முகவரித் தொகுதிகள் முழுவதையும் கூட்டாளியிடம் கொடுக்கிறார்கள். அமேசான் அவற்றை ip-ranges.json என்ற கோப்பில் பகிரங்கமாக வெளியிடுகிறது, எடுத்து ஒட்டுவது சுலபம். கடனட்டை வைத்திருக்கும் எவரும் சில நிமிடங்களில் அந்தத் தொகுதிக்குள் ஒரு முகவரியை எடுக்கலாம் என்பதால், அப்படி ஒரு பட்டியலை வைத்திருப்பதைவிட வைக்காமல் இருப்பது நேர்மையானது.

ஆகவே கொடுக்க வேண்டிய முகவரி எது? உங்கள் பெயரில் ஒதுக்கி வைக்கப்பட்டது, அலுவலக இணைப்போடு தொடர்பற்றது, அந்தக் கூட்டாளிக்குப் போகும் போக்குவரத்தைத் தவிர வேறெதுவும் வெளியேறாதது. கிளவுட்டில் இதன் வடிவம் எளிது. கொடுப்பனவை அனுப்பும் சேர்வர்களுக்குப் பொது முகவரியே கொடுக்காமல் தனியான உள்வலையில் வையுங்கள். அந்த வலைக்கு மட்டும் ஒரு நாட் கேட்வே, அதில் ஒதுக்கிய முகவரி. சேர்வர் இரண்டானாலும் பத்தானாலும் கூட்டாளிக்குத் தெரிவது அந்த ஒன்றே. அமேசானின் வழமையான நாட் கேட்வே ஒரு மண்டலத்துக்குள் மட்டும் இயங்குவது. மண்டலம் விழுந்தால் அடுத்த மண்டலத்தின் கேட்வே வேறு முகவரியோடு வரும். அதனால் முதல் நாளே இரண்டு முகவரிகளையும் படிவத்தில் எழுதுங்கள். எழுதியதோடு நிறுத்தாமல் மாதத்தில் சில நாட்களுக்கு வேண்டுமென்றே இரண்டாவதன் வழியாக அனுப்புங்கள். பயன்படாத முகவரியை வங்கியின் ஃபயர்வோல் துப்புரவில் யாராவது நீக்கிவிட்டால், அதை அவசர இரவில் அறிவதைவிட ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை அறிவது நல்லது.

நாட் கேட்வேக்கு அதன் சொந்தக் குணம் ஒன்று உண்டு, அதை மறைத்து விற்கக் கூடாது. அமேசானுடையது 350 விநாடி பேச்சில்லாமல் கிடக்கும் இணைப்பைத் தன் அட்டவணையிலிருந்து மறந்துவிடும். சேர்வருக்கு அது தெரியாது. இணைப்புத் திறந்தே இருக்கிறது என்று நம்பி அடுத்த கொடுப்பனவை அதில் எழுதினால், கேட்வே அதைத் துண்டித்துத் திருப்பும். பணம் போனதா இல்லையா என்று நிரலுக்குத் தெரியாமல் போவதும், குருட்டுத்தனமாக மீண்டும் அனுப்பி இரட்டைக் கொடுப்பனவு விழும் ஆபத்தும் இங்கிருந்து வரலாம். லினக்ஸ் இயல்பாக 7,200 விநாடிக்குப் பிறகுதான் இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று தட்டிப் பார்க்கும், அதுவும் நிரல் அதைக் கேட்டிருந்தால். அந்த இடைவெளியை 300 விநாடிக்குக் கீழே இறக்கி, ஒவ்வொரு கொடுப்பனவுக்கும் மாறாத உசாத்துணை எண் ஒன்றை வைத்தால் இந்தப் பயம் நீங்கும்.

இதற்கு வரும் முதல் மறுப்பு செலவு. நியாயமான மறுப்புத்தான். அமேசானில் நாட் கேட்வே அமெரிக்க விலையில் மணிக்கு 0.045 டொலர், மாதம் 33 டொலருக்குக் கிட்டே, மும்பையில் இன்னும் சற்றுக் கூட. இரண்டு வைத்தால் இரட்டிப்பு. ஐந்து பேர் வேலை செய்யும் நிறுவனத்துக்கு இது கசக்கும். ஆனால் கேட்வே கட்டாயம் இல்லை. ஒதுக்கிய முகவரி ஒன்றுக்கு 2024 பெப்ரவரி முதல் மணிக்கு 0.005 டொலர் எடுக்கிறார்கள், மாதம் 3.60 டொலர், 300 ரூபாய் விகிதத்தில் ஆயிரத்துச் சொச்சம் ரூபாய். மிகச் சிறிய சேர்வர் ஒன்றில் அதைப் பொருத்தி, கூட்டாளிக்குப் போகும் கோரிக்கைகளை மட்டும் அதன் வழியாக அனுப்பினால் சிறிய நிறுவனத்துக்கு அதுவே போதும். 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு அறிவிக்கப்பட்டபோது, அலுவலக மேசைக்கடியில் இருந்த சேர்வரும் அதன் ஸ்டெட்டிக் ஐபியும் எத்தனை மணி நேரம் உயிரோடு இருந்திருக்கும் என்பதையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது மறுப்பு, கூட்டாளி இலங்கை முகவரியே வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் மும்பை முகவரியை வைத்து என்ன செய்வது என்பது. அப்படியானால் உள்ளூர்த் தரவு மையத்தில் ஒரு சிறு சேர்வரை வாடகைக்கு எடுங்கள். அதுவும் இயலாவிட்டால் அலுவலகத்துக்கே இரண்டாவது இணைப்பு ஒன்றை ஸ்டெட்டிக் ஐபியோடு எடுத்து, கொடுப்பனவுப் பெட்டியை மட்டும் அதில் மாட்டுங்கள். வைஃபை அதற்குள் நுழையக் கூடாது. என் சண்டை ஸ்டெட்டிக் ஐபியோடு அல்ல, அதன் பின்னால் சேரும் கூட்டத்தோடு. இந்த வழியில் கூட்டம் குறைகிறது, இணைப்பு அறுந்தால் நிற்கும் குறை மட்டும் தொடர்கிறது. அதை ஏற்றுக்கொண்டே செய்ய வேண்டும்.

மூன்றாவது மறுப்புத்தான் கனமானது. ஒழுங்குபடுத்தும் அமைப்புகளே ஸ்டெட்டிக் ஐபியை அடையாளமாக ஏற்கின்றன, நீ யார் மறுக்க என்பது அது. இந்தியாவின் பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி 2025 பெப்ரவரி 4 இல் வெளியிட்ட சுற்றறிக்கையை இதற்குக் காட்டுவார்கள். நிரல் மூலம் பங்கு வாங்கி விற்கும் சிறு முதலீட்டாளரின் ஏபிஐ கோரிக்கைகள், தரகர் அனுமதித்த ஸ்டெட்டிக் ஐபியிலிருந்துதான் வர வேண்டும் என்கிறது அது. ஆனால் அந்தச் சுற்றறிக்கையை முழுதாக வாசித்தால், ஐபியோடு வாடிக்கையாளருக்கென்றே தனியான ஏபிஐ சாவியும் ஓஆத் முறையிலான அங்கீகாரமும் இரட்டைச் சரிபார்ப்பும் சேர்ந்தே கேட்கப்படுவது தெரியும். யார் என்பதைச் சாவி சொல்கிறது. எங்கிருந்து என்பதை ஐபி சொல்கிறது, கட்டளை யாருடையது என்று பின்னால் தேடிப் போகவும் உதவுகிறது. நம்மூர்ப் படிவங்களில் பல முறை விடுபடுவது அந்த முதல் பாதி. கூட்டாளி இரு பக்கச் சான்றிதழோடு கூடிய டிஎல்எஸ் தருவாரானால் கேட்டு வாங்குங்கள், தராவிட்டால் கோரிக்கைக்குக் கையொப்பமிடும் வழி இருக்கிறதா என்று கேளுங்கள். முகவரியை மட்டும் வாங்கிக்கொண்டு சாவியே தராத கூட்டாளி இருந்தால், அங்கே உங்கள் வைஃபை கடவுச்சொல்தான் வங்கிக் கடவுச்சொல்.

முகவரியை மாற்ற வேண்டி வரும் நாளில் வரிசை முக்கியம். புதியதைப் பட்டியலில் சேர்க்கச் சொல்லி, அதன் வழியாக ஒரு சிறு கோரிக்கையை அனுப்பிப் பார்த்து, பிறகு போக்குவரத்தை மாற்றுங்கள். பழையதை நீக்கச் சொல்லி எழுத்தில் கேட்டு, நீக்கிவிட்டதாகப் பதில் வந்தாலும் பழைய முகவரியிலிருந்தே இணைத்துப் பார்த்து, "Trying" என்பதோடு அது நிற்பதை உறுதிசெய்யுங்கள். அதுவரை பழைய முகவரியைக் கிளவுட் நிறுவனத்திடம் திருப்பிக் கொடுக்க வேண்டாம், மாதம் ஆயிரம் ரூபாய் போனாலும் உங்கள் பெயரிலேயே கிடக்கட்டும்.